சனிக்கிழமைக்குச் சாம்பல் நிறம்

பக்கத்து வகுப்பு ஆசிரியை ஒருவர் போன ஆண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சார், சனி ஞாயிறுக்கு மட்டும் கலர் போடச் சொன்னேன். ஷீட் முழுக்க கலராயிடுச்சு. அதைவிட வேடிக்கையைப் பாருங்க" என்று ஒரு மாணவியின் பெயருக்கு எதிரே P என்று தட்டினார். அந்தக் கட்டம் மட்டும் பளிச்சென்று வெளுத்தது. அழித்தார், மறுபடி சாம்பல் நிறம் வந்து உட்கார்ந்தது.

எக்செல் கோளாறு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கோளாறு இருந்தது ஒரேயொரு டாலர் குறியில்.

அவர் கையில் இருந்தது 42 பேர் கொண்ட வகுப்புப் பட்டியல். A-யில் வரிசை எண், B-யில் பெயர். அதை வருகைத்தாள் ஆக்க, மேலே நான்கு வரிசைகளைச் சேர்த்து, மாணவர் பெயர்களை 5-ஆம் வரிசையிலிருந்து தொடங்கவேண்டும். B1-இல் மாதத்தின் முதல் தேதி. அதை 1/8/2025 என்று தட்டினால், அமெரிக்க வழக்கப்படி அமைந்த கணினி ஜனவரி 8 என்று எடுத்துக்கொள்ளும். தேதி வரிசை 1-க்குப் பதில் 8-இல் தொடங்குவதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். ஆகவே இப்படி எழுதுவது நல்லது:

```
=DATE(2025,8,1)
```

இரண்டாம் வரிசையில் தேதிகள். C2-இல் `=$B$1`. D2-இல் கீழே உள்ளதை எழுதி, 31 நாளுக்கும் இடம் கிடைக்கும்படி AG வரை இழுத்துவிட வேண்டும்.

```
=IF(C2="","",IF(MONTH(C2+1)=MONTH($B$1),C2+1,""))
```

முந்தைய தேதியோடு ஒன்றைக் கூட்டு, மாதம் மாறிவிட்டால் கட்டத்தைக் காலியாக விடு என்பதுதான் இதன் பொருள். B1-இல் பிப்ரவரியைப் போட்டால் 28-ஓடு நின்றுவிடும். C3-இல் `=C2` என்று எழுதி AG வரை இழுத்து, அந்த வரிசைக்கு `ddd` என்ற வடிவம் கொடுத்தால் கிழமை வரும். தேதி வரிசைக்கு `d` மட்டும் போதும். முழுத் தேதியாக விட்டால் ஒடுங்கிய கட்டத்தில் வெறும் #### தான் தெரியும்.

இதுவரை ஆசிரியை சரியாகவே செய்திருந்தார். நிறம் போட C2:AG46 முழுவதையும் தேர்ந்தெடுத்து, Conditional Formatting-இல் அவர் கொடுத்த விதி இது:

```
=WEEKDAY(C2,2)>5
```

திங்கள் 1, ஞாயிறு 7 என்று எண்ணினால் 5-க்கு மேற்பட்டவை சனியும் ஞாயிறும். தர்க்கத்தில் குறையில்லை. ஆனால் C2 என்று மொட்டையாக எழுதினால், கீழே இறங்க இறங்க விதியும் கூடவே இறங்கும். பத்தாவது மாணவியின் கட்டம் தலைப்பில் உள்ள தேதியைப் பார்ப்பதில்லை, தன்னையே பார்க்கிறது. தான் காலி. காலி என்றால் எக்செல் கணக்கில் பூஜ்யம், பூஜ்யமும் ஒரு தேதிதான். 1900 ஜனவரி 1-க்கு முந்தைய அந்த நாளை எக்செல் சனிக்கிழமை என்று வைத்திருக்கிறது. ஆக, காலியான கட்டமெல்லாம் சனிக்கிழமை! P என்று தட்டியதும் அது எழுத்தாகிவிட, கிழமை கேட்டால் பிழை வருகிறது. பிழை என்றால் நிறம் கிடையாது. வெளுத்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

`C$2` என்று வரிசையை மட்டும் பூட்டினால் தீர்ந்தது. `$C$2` என்று இரண்டையும் பூட்டினால் வேறு கூத்து: மாதத்தின் முதல் நாள் சனியாகவோ ஞாயிறாகவோ இருந்தால் ஷீட் முழுக்கச் சாம்பல், இல்லாவிட்டால் எங்குமே நிறமில்லை. வெள்ளியும் சனியும் நிறம் பெற்று ஞாயிறு வெறிச்சென்று இருந்தால், தேர்ந்தெடுத்த பகுதி B-யிலும் விதி C-யிலும் தொடங்குகிறது என்று அர்த்தம்.

ஆசிரியை அத்தோடு கிளம்பியிருப்பார். நான்தான் விடவில்லை. நிறம் கண்ணுக்குத்தான், வருகையை எண்ணும் சூத்திரத்துக்கு அது தெரியாது. மேலும், மழை விடுமுறையை ஈடுகட்டச் சில சனிக்கிழமைகளில் பள்ளி நடக்கும். அன்று பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்க, தாள் விடுமுறை என்று காட்டும். ஆகஸ்ட் 15 வெள்ளி, 27 புதன் விநாயகர் சதுர்த்தி. இவற்றைப் பற்றி WEEKDAY-க்கு ஒன்றும் தெரியாது.

அதனால் நிறத்தை நேரடியாகக் கிழமையிடம் கேட்காமல், நடுவில் ஒரு வரிசையிடம் கேட்கும்படி மாற்றினோம். AK-யில் விடுமுறைத் தேதிகள், AL-இல் பள்ளி நடக்கும் சனிக்கிழமைகள். நான்காம் வரிசையில் வேலை நாளுக்கு 1, இல்லாவிட்டால் 0. C4-இல் எழுதி AG வரை இழுக்க வேண்டியது:

```
=IF(C2="","",IF(COUNTIF($AL$2:$AL$15,C2)>0,1,
 IF(OR(WEEKDAY(C2,2)>5,COUNTIF($AK$2:$AK$15,C2)>0),0,1)))
```

நிறத்துக்கான விதி இப்போது `=C$4=0` என்று சுருங்கிவிட்டது. அந்த ஆகஸ்டில் சனி ஞாயிறு 10 நாள், மிச்சம் 21. இரண்டு விடுமுறை போக 19. சோதித்துப் பார்க்க 23-ஆம் தேதி சனிக்கிழமையை AL-இல் சேர்த்தோம். அந்த நெடுவரிசை மட்டும் சட்டென்று வெளுத்தது, நான்காம் வரிசையின் கூட்டுத்தொகை 20 ஆனது. சுவர்க் காலண்டரைப் பார்த்து விரல் விட்டும் எண்ணினோம், 20 தான்.

ஒரு மாணவரின் வருகை AH-இல்:

```
=COUNTIFS(C5:AG5,"P",$C$4:$AG$4,1)
```

வேலை நாளில் விழுந்த P மட்டுமே எண்ணப்படும். P-யைப் பிடித்து இழுக்கும்போது ஞாயிற்றுக்கிழமையிலும் விழுந்துவிடுவது வழக்கம். அது இங்கே கணக்கில் சேராது. சதவீதம் `=AH5/SUM($C$4:$AG$4)`. 16 நாள் வந்த பிள்ளைக்கு 80 சதவீதம். சனிக்கிழமையைச் சேர்க்க மறந்திருந்தால் அந்த நாளின் வருகை விழுந்துவிடும். மாதத்துக்கு 31 நாள் என்று வகுத்திருந்தால் 52-க்கு இறங்கி, பெற்றோரை அழைக்கும் நிலை வந்திருக்கும். மாத நடுவில் சேர்ந்த பிள்ளைக்கு மட்டும் வகுக்கும் எண்ணைக் கையால் மாற்றியாக வேண்டும். நான்காம் வரிசை வகுப்புக்குப் பொது.

பெயர்களைப் பற்றியும் ஒன்று. வேறொரு ஷீட்டில் உள்ள பட்டியலிலிருந்து சூத்திரம் வழியாகப் பெயர் வரும்படி செய்வார்கள் சிலர். பார்க்க அழகு. அகர வரிசைப்படி அந்தப் பட்டியலை ஒருமுறை அடுக்கினால் பெயர்கள் இடம் மாறும், P-யும் A-வும் இருந்த இடத்திலேயே நிற்கும். யாரோ எடுத்த விடுப்பு வேறு யார் தலையிலோ விழும், பிழைச் செய்தி ஒன்றுகூட வராது. பெயர்களை நகலெடுத்து Paste Special-இல் Values என்று ஒட்டிவிடுவதே மேல்.

அச்சுக்கு A4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, அகலத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்கவேண்டும். சாம்பல் வெளிறியதாக இருக்கட்டும். அடர்ந்தால் பேனா எழுத்து தெரியாது. மறுநாள் ஆசிரியை அச்செடுத்துக்கொண்டு வந்தபோது தாளில் நிறமே இல்லை. Page Setup-இல் Black and white என்ற பெட்டியில் டிக் இருந்தது. மை மிச்சப்படுத்த அலுவலகத்தில் யாரோ போட்டு வைத்தது.