230 வோல்ட் ஊரிலிருந்து 100 வோல்ட் ஊருக்கு

டோக்கியோ விடுதி அறைகளின் சாக்கெட்டில் பெரும்பாலும் இரண்டு நெட்டைக் கோடுகள்தான் இருக்கும். சென்னையிலிருந்து கொண்டுபோன சார்ஜரின் உருண்டைப் பின்கள் அதில் நுழையாது. மின்சாரமும் வேறு. இந்தியாவில் சுவருக்கு வருவது 230 வோல்ட், ஜப்பானில் 100. போதாக்குறைக்கு டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு நகரம் ஜெர்மனியிலிருந்தும் இன்னொன்று அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகளை இறக்கியதன் மிச்சம் அது.

இதைக் கேட்டதும் ஸ்மார்ட் வாட்ச்சுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் வாட்ச்சுக்குச் சுவர் மின்சாரம் போய்ச் சேருவதே இல்லை. அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும் காந்த வட்டுக்குப் பொதுவாக வேண்டியது 5 வோல்ட். அதைத் தயாரித்துக் கொடுப்பது சுவரில் செருகும் சார்ஜர். ஆகவே பார்க்க வேண்டியது சார்ஜரின் உடம்பில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஒரே வரியை. ‘இன்புட்’ என்பதற்குப் பக்கத்தில் 100-240V~ 50/60Hz என்றிருந்தால் ஜப்பான், அமெரிக்கா, இங்கிலாந்து, சிங்கப்பூர் எதுவானாலும் சரி.

இவ்வளவு அகலமான வரம்பை அது எப்படிச் சமாளிக்கிறது? உள்ளே வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக மாற்றிக்கொள்கிறது. பிறகு ஒரு சிப் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, துண்டு துண்டாக ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகிறது. வெளியே 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். வோல்ட் குறைந்த ஊரில் நேரம் கூடும், அவ்வளவுதான். ஜப்பானில் வாட்ச் மெதுவாகச் சார்ஜ் ஆகும் என்பது வீண் கவலை.

டிராவல் அடாப்டருக்கு இந்த வேலையில் பங்கே கிடையாது. அது பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றும். 230 வோல்ட்டை 230 ஆகவே கடத்தும். இது தெரியாததால் வரும் விபத்து பெரும்பாலும் எதிர்த்திசையில், அமெரிக்காவிலிருந்து இங்கே வரும் பொருள்களில் நடக்கிறது. உறவினர் அன்போடு வாங்கிவந்த கடிகார ஸ்டாண்டு ஒன்றின் சார்ஜரில் 120V~ 60Hz என்று மட்டும் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அளவுக்கு மீறிய கனம் இருந்தால் உள்ளே பழைய பாணி இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கலாம். அடாப்டர் போட்டு அதை நம் சாக்கெட்டில் செருகினால் ஏறக்குறைய இருமடங்கு அழுத்தம். இரும்பு தாங்காது, சுருள் கொதிக்கும், எரிந்த வார்னிஷ் வாடை வரும். 230 மட்டுமே எழுதிய சார்ஜரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் அது வேலை செய்யாமல் சும்மா கிடக்கும்.

அந்த ஸ்டாண்டைக் காப்பாற்ற கன்வெர்ட்டர் வாங்கத் தேவையில்லை. தலைமுடி உலர்த்திகளுக்காக விற்கும் மலிவு கன்வெர்ட்டர்கள் மின் அலையை வெட்டிச் சிதைத்து அனுப்புபவை. மின்னணுச் சாதனங்களுக்கு ஆகாது. ஸ்டாண்டு யூஎஸ்பி வயரில் ஓடுவதானால், அந்தச் சார்ஜரை ஓரம்கட்டிவிட்டு வீட்டிலுள்ள நல்ல போன் சார்ஜரில் செருகிவிடலாம். 20 வாட், 65 வாட் என்றிருந்தாலும் பயமில்லை. யூஎஸ்பி சார்ஜர் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். எதிர்முனை கேட்டால்தான் ஏற்றும். எவ்வளவு இழுப்பது என்பது வாட்ச்சின் விருப்பம்.

‘நல்ல’ என்ற சொல்லுக்கு இங்கே கனம் அதிகம். சார்ஜருக்குள் சுவர் மின்சாரம் ஓடும் பக்கத்துக்கும் நம் கை தொடும் பக்கத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியும் உறுதியான காப்பும் இருக்க வேண்டும். போலிகள் காசு மிச்சம் பிடிப்பது அங்கேதான். யூஎல் என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 2016-இல் 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதித்தபோது தேறியவை மூன்றே மூன்று. இந்தியாவில் வாங்கும்போது பிஐஎஸ் முத்திரையும் R- என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம்; ஜப்பானில் வைரவடிவக் கட்டத்துக்குள் PSE என்றிருக்கும். முத்திரையையும் போலி செய்கிறார்கள் என்பதால் நம்பகமான கடையே மேல்.

விமான நிலையக் கடைகளில் தொங்கும், யூஎஸ்பி துளைகளும் சேர்ந்த ‘உலக அடாப்டர்’ அவ்வளவு சிலாக்கியமில்லை. தரம் தெரியாத ஒரு முழுச் சார்ஜரே அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஊரிலிருந்து சொந்தச் சார்ஜரும், போகும் நாட்டுக்கான சாதாரண பின் அடாப்டரும் எடுத்துப்போவது நல்லது. அடாப்டர் சாக்கெட்டில் ஆடினாலோ, சடசடத்தாலோ, தொட்டால் சுட்டாலோ கழற்றிவிட வேண்டும். அதில் எர்த் இணைப்பு இல்லாவிட்டால் இரண்டு பின் சார்ஜருக்குப் பாதகமில்லை. மூன்று பின் இஸ்திரிப்பெட்டியை மாட்டக் கூடாது.

காந்த வட்டையும் மறக்காமல் எடுத்துவைக்க வேண்டும். விடுதி மேசையில் போனுக்கென்று இருக்கும் வயர்லெஸ் பலகையில் பல வாட்ச்சுகள் ஏறாது. பவர் பேங்க் வழியாக ஏற்றும்போது சில நிமிடத்தில் சார்ஜ் நின்றால் வாட்ச் பழுது என்று நினைக்க வேண்டாம். வாட்ச் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று பவர் பேங்க் தானே அணைந்திருக்கும். குறைந்த மின்னோட்டத்துக்கான தனி நிலை சில பவர் பேங்க்களில் உண்டு. அது இல்லாதவற்றில் கூடவே போனையும் செருகினால் அணையாது.