குரூப்பைப் பூட்டினால் சேனல் ஆகிவிடாது

தையல் வகுப்பு நடத்தும் ஓர் அக்கா, தன்னிடம் படிக்கும் முந்நூறு பெண்களை ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு நேரம் மாறியதாக ஒரு செய்தி போட்டால் போதும், ‘ஓகே’, ‘சரிங்க அக்கா’, கும்பிடும் கை என்று பதில்கள் வந்து குவியும். தாமதமாகப் பார்ப்பவர், மாறிய நேரம் என்ன என்று தேடி அலைய வேண்டும். தொல்லை தாங்காமல் அக்கா, அட்மின் மட்டுமே செய்தி அனுப்பும்படி செட்டிங்கை மாற்றிவிடுகிறார். சத்தம் நின்றுவிடும். ஆனால் குரூப் சேனலாகிவிடவில்லை.

வாய்தான் பூட்டப்பட்டிருக்கிறது, உறுப்பினர் பட்டியல் திறந்தே கிடக்கிறது. குரூப்பின் பெயரைத் தொட்டால் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் அவர்களுடைய போன் நம்பர்களும் வரிசையாகத் தெரியும். யாரோ ஒருவர் அந்தப் பட்டியலை எடுத்து சீட்டு, கடன் விளம்பரம் என்று தனித்தனியாக அனுப்பத் தொடங்கினால், அக்காவால் செய்ய முடிவது அவரை குரூப்பிலிருந்து நீக்குவது மட்டும்தான். எடுத்துப் போன நம்பர்கள் போனவைதான். இதயம், கட்டைவிரல் போன்ற குறிகளும் அப்படியே. அவற்றைத் தொட்டுப் பார்த்தால் போட்டவர் யார் என்று தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் 2023-இல் கொண்டுவந்த சேனலின் அமைப்பே வேறு. அதில் சேர்பவர் உறுப்பினர் அல்ல, பின்தொடர்பவர். ஒருவர் பின்தொடர்வது மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. அட்மினின் நம்பர் அவர்களுக்குக் காட்டப்படாது. அவர்களுடைய நம்பரும், ஏற்கெனவே அட்மினின் போனில் பதிந்திருந்தால் ஒழிய, அட்மினுக்குத் தெரியாது. அவர்கள் குறி போடலாம், கருத்துக்கணிப்பில் வாக்களிக்கலாம். எத்தனை பேர் குறி போட்டார்கள் என்ற எண்ணிக்கைதான் மற்றவர்களுக்குத் தெரியும், பெயர்கள் தெரியாது. குரூப்பில் எழுதுவதுபோல் பதில் எழுத இடமில்லை.

இதில் இழப்பும் உண்டு. “நாளைக்கு ஊசி கொண்டு வரணுமா அக்கா?” என்று சேனலில் கேட்க முடியாது. சேனலில் சேர்ந்தவுடன் அறிவிப்பு ஒலி வராது, மணிக் குறியைத் தொட்டு நாமே இயக்க வேண்டும். இயக்காதவர்கள் அவசரச் செய்தியைத் தவறவிடுவார்கள். குரூப் செய்திகளுக்கு உள்ள முழு மறையாக்கப் பாதுகாப்பும் சேனலுக்கு இல்லை. அதில் போடுவது ஊரறியச் சொல்வதற்குச் சமம். அதனால் மாணவிகளின் படங்கள், கட்டண விவரம், முகவரி எதையும் அங்கே போடக் கூடாது.

தையல் அக்காவுக்கு நான் சொல்வது இதுதான். விடுமுறை, நேர மாற்றம், புதிய வகுப்பு ஆகியவற்றை சேனலில் போடுங்கள். சந்தேகம் கேட்க, ஒரு வகுப்பில் சேர்ந்து படிக்கும் பத்துப் பதினைந்து பேருக்குத் தனித்தனி குரூப் வையுங்கள். முன்பின் அறியாத முந்நூறு பெண்களின் நம்பர்களை ஒரே பட்டியலில் வைக்காதீர்கள்.