சி.எஸ்.ஆர். குழுவின் கூட்டக் குறிப்பு: பணத்துக்குப் பொறுப்பு எழுதப்படும் இடம்

இந்தியாவில் ஒரு நிறுவனம் தன் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும்போது, அந்த முடிவு முதலில் எழுத்தில் பதிவது சி.எஸ்.ஆர். குழுவின் கூட்டக் குறிப்பில்தான். எந்த வேலை, எவ்வளவு பணம், யாருக்குப் பயன், யார் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். பின்னாளில் தணிக்கையாளரோ நிறுவன விவகாரத் துறையோ கேள்வி கேட்டால், முதலில் புரட்டப்படுவதும் இந்தப் பக்கங்களே.

நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. இது 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் தனிக் குழு தேவையில்லை. இயக்குநர் குழுமமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் குழு கட்டாயம். பொதுவாக மூன்று இயக்குநர்களாவது இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும்.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் உண்டு. செலவுக்கு இறுதி ஒப்புதல் தரும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு இல்லை. ஆண்டுச் செயல்திட்டத்தைத் தயாரித்து, தொகையைக் குறிப்பிட்டு, இயக்குநர் குழுமத்துக்குப் பரிந்துரைப்பதே அதன் வேலை. ஒப்புதலும் கண்காணிப்பும் குழுமத்தின் பொறுப்பு. ஆகவே ‘குழு 60 லட்சத்தை அனுமதித்தது’ என்று மட்டும் எழுதி, அந்தக் குறிப்பைக் காட்டிப் பணத்தை அனுப்பிவிட்டால் அது முறையல்ல. ‘குழு ஒப்புக்கொண்டு, குழுமத்தின் ஒப்புதலுக்குப் பரிந்துரைத்தது’ என்று இருக்க வேண்டும். குழுமத்தின் தீர்மானத் தேதிக்குப் பிறகே பணம் நகர வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தின் நிகர லாபம் மூன்று ஆண்டுகளில் 38, 42, 40 கோடி ரூபாய். சராசரி 40 கோடி. அதில் 2 சதவீதம் 80 லட்சம். ஆலையைச் சுற்றியுள்ள 6 அரசுப் பள்ளிகளில் கழிப்பறை கட்ட 60 லட்சம், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கருவிகள் வாங்க 17 லட்சம், நிர்வாகச் செலவுக்கு 3 லட்சம் என்று குழு பிரிக்கிறது. நிர்வாகச் செலவு மொத்த சி.எஸ்.ஆர். செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. 3 லட்சம் அதற்குள் அடங்குகிறது. கழிப்பறை, துப்புரவு ஆகியவை சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் முதல் இனத்தில் வருகின்றன. குறிப்பில் அந்த இனத்தின் எண்ணையும் சேர்த்து எழுதுவது வழக்கம். அட்டவணைக்குள் வராத பணியைப் பின்னால் இழுத்துப் பொருத்த முடியாமல் அது தடுக்கிறது.

‘60 லட்சம்’ என்ற ஒற்றை எண்ணோடு குறிப்பு நின்றுவிட்டால், செலவைப் பின்தொடர வழியே இல்லாமல் போகும். இந்த மாதிரியில் ஒரு பள்ளிக்கு 10 லட்சம்: கட்டுமானத்துக்கு 7.2 லட்சம், தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும் 1.3 லட்சம், மாணவர்களுக்கான சுகாதாரப் பயிற்சிக்கு 30 ஆயிரம், அடுத்த இரண்டு ஆண்டுப் பராமரிப்புக்கு 1.2 லட்சம். பள்ளிக் கழிப்பறை கெடுவதற்குப் பெரும்பாலும் சுவர் காரணமாக இருப்பதில்லை. தண்ணீர் வராததும், கழுவ ஆள் இல்லாததும்தான் காரணம். பராமரிப்புக்கென்று தனி வரி இல்லாத பட்ஜெட்டைப் பார்த்தாலே, ஓராண்டில் அந்தக் கதவுகள் பூட்டிக் கிடக்கும் என்று ஊகித்துவிடலாம்.

அந்தப் பராமரிப்பு வரி சட்டரீதியாகவும் ஒரு வேலையைச் செய்கிறது. பணி ஒரே நிதியாண்டில் முடியாததால், இது ‘தொடர் திட்டம்’ ஆகிறது. தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து அதிகபட்சம் மூன்று நிதியாண்டுகள் வரை இது நீடிக்கலாம். ஆண்டுவாரியாகத் தொகையைப் பிரித்துக் காட்ட வேண்டும்: முதல் ஆண்டு 52.8 லட்சம், அடுத்த இரண்டு ஆண்டுகளும் தலா 3.6 லட்சம். மார்ச் 31 அன்று மிச்சம் நிற்கும் 7.2 லட்சத்தை, ஏப்ரல் 30-க்குள் வங்கியில் அதற்கென்றே திறக்கும் ‘செலவிடப்படாத சி.எஸ்.ஆர். கணக்கு’க்கு மாற்ற வேண்டும். அதன் பிறகு மூன்று நிதியாண்டுகளுக்குள் அதே திட்டத்துக்குச் செலவழிக்கலாம்.

இதைத் தொடர் திட்டம் என்று யாரும் முடிவு செய்து பதியாமல் விட்டிருந்தால் கதை வேறு. அப்போது அந்த 7.2 லட்சம் சாதாரணப் பாக்கியாகிவிடும். செப்டம்பர் 30-க்குள் பிரதமரின் தேசிய நிவாரண நிதி போன்ற, ஏழாம் அட்டவணையில் சொல்லப்பட்ட ஏதாவதொரு நிதிக்குப் போய்ச் சேர வேண்டும். பள்ளிகளுக்கு வரவேண்டிய இரண்டு ஆண்டுப் பராமரிப்புப் பணம், ஒரு சொற்றொடர் எழுதப்படாததால் கைநழுவுகிறது. எங்கும் மாற்றாமலே விட்டால், மாற்ற வேண்டிய தொகையைப் போல் இரண்டு மடங்கு அல்லது 1 கோடி, இரண்டில் குறைந்தது நிறுவனத்துக்கு அபராதம். இந்தக் கணக்கில் 14.4 லட்சம். தவறிய அதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் பத்தில் ஒரு பங்கு அல்லது 2 லட்சம், இரண்டில் குறைந்தது. இங்கே 72 ஆயிரம்.

பயனாளிகள் பகுதியில்தான் எண்கள் எளிதாக ஊதிப் பெருகும். ஆறு ஊர்களின் மொத்த மக்கள்தொகையைக் கூட்டி ‘18,000 பேர் பயன்பெறுவர்’ என்று எழுதிவிடுவதுண்டு. ஆனால் அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தப் போவது பிள்ளைகள் மட்டுமே. நல்ல குறிப்பு பள்ளி வருகைப் பதிவேட்டிலிருந்து எண்ணை எடுக்கும்: 6 பள்ளிகள், 1,480 மாணவர்கள், அவர்களில் 790 பேர் மாணவிகள். அதோடு இன்றைய நிலையையும் சொல்லும்: 6 பள்ளிகளிலும் சேர்த்து 31 கழிப்பறை இருக்கின்றன, தண்ணீர் வருவது 9-இல். பிறகு வரும் அறிக்கையை இந்த 9-ஓடுதான் ஒப்பிட வேண்டும். தொடக்க நிலை எழுதப்படாத திட்டத்தில், கட்டி முடித்த பின் எதைக் காட்டினாலும் முன்னேற்றமாகவே தெரியும். நிறுவன ஊழியர்களுக்கான பயன் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்பதால், இவை ஊழியர் குடியிருப்புப் பள்ளிகள் அல்ல என்ற ஒரு வரியும் இருப்பது நல்லது.

கட்டிய கழிப்பறை யாருக்குச் சொந்தம் என்பதையும் விட்டுவிடக் கூடாது. 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. இங்கே நிலம் அரசுடையது. ஆகவே கட்டடம் அரசுத் துறையிடம் ஒப்படைக்கப்படும் என்றும், துறையின் அனுமதிக் கடிதம் எந்தத் தேதியில் வந்தது என்றும் எழுத வேண்டும்.

வேலையைச் செய்வது பெரும்பாலும் ஓர் அறக்கட்டளையோ சங்கமோதான். அது சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவு பெற்று எண் வாங்கியிருக்க வேண்டும். நிறுவனமே தொடங்கிய அமைப்பாக இல்லாவிட்டால், இதுபோன்ற பணியில் மூன்று ஆண்டு அனுபவமாவது வேண்டும். பதிவு எண்ணும், எத்தனை அமைப்புகளிடம் திட்ட மதிப்பீடு கேட்கப்பட்டது, ஏன் இது தேர்வானது என்பதும் குறிப்பில் வர வேண்டும். குழு உறுப்பினர் ஒருவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ அந்த அறக்கட்டளையில் தொடர்பு இருந்தால், அவர் அதைச் சொல்லி அந்தப் பொருளில் பங்கேற்காமல் விலகினார் என்று பதிவாக வேண்டும்.

பணத்தைத் தவணையாகப் பிரிப்பது கண்காணிப்பின் முதல் கருவி. தொடக்கத்தில் 40 சதவீதம், கூரை மட்டம் எட்டியதும் 40, தண்ணீர் இணைப்போடு ஒப்படைத்த பிறகு மீதி 20 என்று வைத்தால், ஒவ்வொரு தவணையும் ஒரு கேள்விக்குப் பதில் வாங்கிய பிறகே போகும். மார்ச் கடைசி வாரத்தில் முழுத் தொகையையும் அறக்கட்டளைக்கு அனுப்பி ‘செலவாகிவிட்டது’ என்று எழுதுவதைத் துறை ஏற்பதில்லை. அறக்கட்டளை உண்மையில் பயன்படுத்திய தொகைதான் செலவு என்று 2021-இல் வெளியிட்ட விளக்கத்தில் நிறுவன விவகார அமைச்சகம் சொல்லிவிட்டது. மார்ச் 25-இல் கூட்டம், அதே நாளில் அமைப்புத் தேர்வு, மறுநாளே முழுப் பணம் என்று தேதிகள் வரிசையாக நின்றால், தேவை ஆராயப்படவில்லை என்பதை அந்தத் தேதிகளே சொல்லிவிடும்.

இவ்வளவும் சேர்ந்தால் தீர்மானம் ஏறக்குறைய இப்படி அமையும்:

‘இணைப்பு 2-இல் உள்ள 6 அரசுப் பள்ளிகளில் கழிப்பறை கட்டிப் பராமரிக்கும் பணியை, மொத்தம் ரூ. 60,00,000 மதிப்பில், 2025-26 முதல் 2027-28 வரையிலான தொடர் திட்டமாக, ஆண்டுவாரி ஒதுக்கீட்டுடன் இயக்குநர் குழுமத்தின் ஒப்புதலுக்குப் பரிந்துரைப்பதென்று தீர்மானிக்கப்பட்டது. செயல்படுத்தும் அமைப்பு ஒவ்வொரு காலாண்டு முடிந்த 15 நாட்களுக்குள், பட்டயக் கணக்காளர் சான்றிட்ட பயன்பாட்டுச் சான்றிதழையும், பள்ளிவாரியாகத் தண்ணீர் வரும் கழிப்பறைகளின் எண்ணிக்கையையும் நிறுவனச் செயலரிடம் அளிக்க வேண்டும்.’

இங்கே காலாண்டு, 15 நாள் ஆகியவை குழு தானே வைத்துக்கொண்ட வரம்புகள். சட்டம் விதிக்கும் கடமைகள் தனி. பணம் ஒப்புதல் பெற்ற நோக்கத்துக்கே, ஒப்புதல் பெற்ற முறையிலேயே செலவானது என்று தலைமை நிதி அலுவலர் சான்றளிக்க வேண்டும். இயக்குநர் குழுமத்தின் ஆண்டறிக்கையோடு சி.எஸ்.ஆர். இணைப்பு வர வேண்டும். குழு எத்தனை முறை கூடியது, ஒவ்வோர் உறுப்பினரும் எத்தனைக்கு வந்தார் என்பதுகூட அதில் உண்டு. சி.எஸ்.ஆர்-2 படிவம் தாக்கலாக வேண்டும். ஒப்புதல் பெற்ற திட்டங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும். வெளியாரை வைத்துத் தாக்க மதிப்பீடு செய்வது, சராசரிக் கடமை 10 கோடிக்குக் குறையாத நிறுவனங்களின் 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்குத்தான் கட்டாயம். இந்த நிறுவனத்துக்குப் பொருந்தாது. இதையும் ஒரு வரியில் பதிந்துவிட்டால் அந்த வகையில் வீண் செலவு வராது.

கூட்டம் முடிந்த 15 நாட்களுக்குள் வரைவு உறுப்பினர்களுக்குப் போக வேண்டும்; அவர்கள் 7 நாட்களுக்குள் திருத்தம் சொல்லலாம்; 30 நாட்களுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். தலைவர் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பமிட்டு, கடைசிப் பக்கத்தில் தேதியுடன் கையெழுத்திடுவார். அதன்பின் வரிகளைத் திருத்தக் கூடாது. குறிப்பைச் சிதைத்தது நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. பள்ளி மாறினாலோ தொகை கூடினாலோ குழு மீண்டும் கூடி, தக்க காரணம் காட்டிப் புதிய பரிந்துரை அனுப்ப வேண்டும். குழுமம் அதன் பேரில் செயல்திட்டத்தை ஆண்டின் நடுவிலும் மாற்றலாம்.