நகர மறுக்கும் மெய்நிகர் கணினி

ஒரு சர்வரைப் பழுதுபார்க்க வேண்டும். அதில் ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, நிறுத்தாமலே பக்கத்து சர்வருக்கு மாற்றுகிறார்கள். இதற்கு லைவ் மைக்ரேஷன் என்று பெயர். சிறிய விஎம்கள் சில வினாடிகளில் இடம் மாறிவிடுகின்றன. டேட்டாபேஸ் ஓடும் பெரிய விஎம் மட்டும் ஒரு மணி நேரமாகியும் அங்கேயே நிற்கிறது. பிழைச் செய்தி ஏதும் வரவில்லை, நெட்வொர்க்கும் முழு வேகத்தில் இயங்குகிறது. ஆனாலும் வேலை முடிவதில்லை.

லினக்ஸில் விஎம்களை இயக்கும் கெவிஎம்-கியூஎமு மென்பொருளை வைத்து இதைப் பார்ப்போம். இடமாற்றத்தில் பெரும் பங்கு விஎம்மின் நினைவகத்தைப் புதிய சர்வருக்கு நகலெடுப்பதுதான். நினைவகம் 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் சுற்றில் எல்லாப் பக்கங்களும் அனுப்பப்படும். விஎம் அப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால், அனுப்பிய பக்கங்கள் சிலவற்றில் அது புதிதாக எழுதிவிடும். எவை மாறின என்று மென்பொருள் குறித்துவைத்து, அடுத்த சுற்றில் அவற்றை மட்டும் அனுப்பும். கடைக்காரர் எழுதிக்கொண்டிருக்கும் கணக்குப் புத்தகத்தை, அவர் எழுத எழுதவே இன்னொருவர் நகலெடுப்பதைப் போன்ற வேலை இது.

மிச்சம் போதுமான அளவு சிறுத்ததும் விஎம் ஒரு கணம் நிறுத்தப்படும். மீதிப் பக்கங்கள் போய்ச் சேர்ந்ததும் அது புதிய சர்வரில் எழுந்துவிடும். அந்த நிறுத்தம் கியூஎமுவின் இயல்பான அமைப்பில் 300 மில்லி வினாடியைத் தாண்டக் கூடாது. அந்த நேரத்துக்குள் அனுப்பிவிடக்கூடிய அளவுக்கு மிச்சம் குறையாத வரை சுற்றுகள் தொடர்ந்துகொண்டே இருக்கும். சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விஎம்முக்கு 64 ஜிபி நினைவகம். நெட்வொர்க் 10 ஜிகாபிட். நடைமுறையில் வினாடிக்கு 1 ஜிபி போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றுக்கு 64 வினாடி ஆகும். விஎம் வினாடிக்கு 0.4 ஜிபி அளவுக்குப் புதிய பக்கங்களில் எழுதினால், அதற்குள் 25.6 ஜிபி மாறியிருக்கும். அடுத்த சுற்றின் முடிவில் மிச்சம் 10 ஜிபி, பிறகு 4, பிறகு 1.6 என்று குறைந்து, ஏழாவது சுற்றுக்குள் 300 எம்பிக்குக் கீழே வந்துவிடும். அரை நொடிக்கும் குறைவான நிறுத்தத்தோடு வேலை முடிந்துவிடும்.

இப்போது அதே விஎம்மில் டேட்டாபேஸ் மும்முரமாக இருக்கிறது. 20 ஜிபி பரப்பு ஒன்றில் வினாடிக்கு 1.5 ஜிபி வேகத்தில் சுற்றிச் சுற்றி எழுதுகிறது. அந்த 20 ஜிபியை அனுப்ப 20 வினாடி தேவை. டேட்டாபேஸோ 14 வினாடிக்குள் அந்தப் பரப்பு முழுவதையும் மாற்றிவிடுகிறது. சுற்று முடிந்து பார்த்தால் மிச்சம் மறுபடியும் 20 ஜிபி. பத்தாவது சுற்றிலும் அதேதான், நூறாவது சுற்றிலும் அதேதான். இப்படி ஓயாமல் எழுதப்படும் பரப்புதான் லைவ் மைக்ரேஷனின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது என்பதை, கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இலேயே ஸென் மென்பொருளை வைத்து எழுதிய கட்டுரையில் விளக்கிவிட்டார்கள். மொத்த நினைவகம் எவ்வளவு என்பது முதல் சுற்று எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத்தான் சொல்லும். முடியுமா முடியாதா என்பதைச் சொல்வது எழுதும் வேகமும் அனுப்பும் வேகமும்.

இதைத் திரையிலேயே பார்க்கலாம்:

```
virsh domjobinfo db1
```

இதில் Iteration ஏறிக்கொண்டே போக, Memory remaining குறையாமல் நின்றால் மாட்டிக்கொண்டோம் என்று பொருள். Dirty rate வினாடிக்கு எத்தனை பக்கம் என்று காட்டும். 4 கேபி பக்கம் என்றால் 2,44,000 என்பது ஏறத்தாழ 1 ஜிபி. அதே திரையில் தெரியும் Memory bandwidth-ஐ இது எட்டிப்பிடித்துவிட்டால் காத்திருப்பதில் பயனில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பாதையை அகலப்படுத்த முடியுமா என்பதை. மைக்ரேஷனுக்கு 25 ஜிகாபிட் இணைப்பைக் கொடுத்து, multifd வசதியால் பல இழைகளில் அனுப்பி, வினாடிக்கு 3 ஜிபி கிடைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் மிச்சம் பாதியாகும். ஐந்தாறு சுற்றில் முடிந்துவிடும். அதற்கு வழியில்லை என்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒன்று ஆட்டோ-கன்வெர்ஜ். அனுப்புவதை வேகப்படுத்த முடியாததால், எழுதுவதை மெதுவாக்குவது. மிச்சம் குறையவில்லை என்று கண்டதும் கியூஎமு விஎம்மின் சிபியுக்களை அவ்வப்போது தூங்கவைக்கிறது. தொடக்கத்தில் 20% நேரம். அது போதாவிட்டால் 10% 10% ஆகக் கூட்டி 99% வரை போகும். அனுப்பியதில் பாதிக்கும் குறைவாகவே மாறுகிறது என்ற நிலை வரும் வரை இந்த ஏற்றம் நிற்காது. நம் டேட்டாபேஸுக்கு எழுதும் வேகம் 0.5 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 70% தூக்கம் தேவைப்படும். ஒவ்வொரு படிக்கும் இரண்டு சுற்றுப் பொறுத்துப் பார்ப்பதால், அங்கே போய்ச்சேரவே சில நிமிடங்கள் ஆகும். அதுவரை டேட்டாபேஸின் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தாமதமாகும். எழுதாமல் படிக்க மட்டும் வந்தவர்களும் சேர்ந்தே காத்திருப்பார்கள், ஏனென்றால் எல்லா சிபியுக்களும் ஒன்றாகத் தூங்குகின்றன. அதிகம் எழுதும் சிபியுவை மட்டும் கட்டுப்படுத்தும் dirty-limit வசதி கியூஎமு 8.1-இல்தான் வந்தது.

மற்றது போஸ்ட்-காப்பி. இதில் வரிசையே தலைகீழ். மிச்சம் 20 ஜிபி இருக்கும்போதே விஎம்மை நிறுத்தி, சிபியு நிலையையும் சாதனங்களின் நிலையையும் மட்டும் அனுப்பி, புதிய சர்வரில் ஓடவிடுகிறார்கள். இன்னும் வராத பக்கத்தை விஎம் தொட்டால், லினக்ஸின் userfaultfd வசதி அந்த சிபியுவை அங்கேயே நிறுத்திவைத்து, பழைய சர்வரிடமிருந்து பக்கத்தை வரவழைக்கும். மற்ற பக்கங்கள் பின்னணியில் வந்துகொண்டிருக்கும். பழைய சர்வரில் இனி யாரும் எழுதுவதில்லை. அதனால் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு முறைதான் பயணிக்கும். 20 ஜிபிக்கு 20 வினாடிதான். டேட்டாபேஸ் எவ்வளவு வேகமாக எழுதினாலும் வேலை கட்டாயம் முடியும்.

```
virsh migrate --live --postcopy db1 qemu+ssh://host2/system
virsh migrate-postcopy db1
```

முதல் கட்டளை வழக்கம்போலத் தொடங்கி, போஸ்ட்-காப்பிக்கு அனுமதி மட்டும் தருகிறது. முதல் சுற்று முடிந்த பின், இன்னொரு முனையத்தில் கொடுக்கும் இரண்டாவது கட்டளைதான் விஎம்மை மாற்றுகிறது. தொடக்கத்தில் அனுமதி தராவிட்டால் நடுவில் மாற முடியாது.

இதற்கு விலை உண்டு. வழக்கமான முறையில் பாதியில் கேபிள் அறுந்தாலும் நஷ்டமில்லை, முழு நினைவகமும் பழைய சர்வரில் இருக்கிறது. போஸ்ட்-காப்பி தொடங்கிய பிறகு புதிய எழுத்து ஓரிடத்தில், வராத பக்கங்கள் வேறிடத்தில். அந்த 20 வினாடிக்குள் எந்த சர்வர் விழுந்தாலும் விஎம்மும் போய்விடும். ரத்துசெய்து திரும்பவும் வழியில்லை. நெட்வொர்க் மட்டும் அறுந்தால் விஎம்மை நிறுத்திவைத்து, இணைப்பு வந்ததும் தொடரும் வசதி கியூஎமு 3.0 முதல் இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விஎம்மின் நினைவகம் 1 ஜிபி ஹியூஜ் பேஜ்களால் ஆனதென்றால், ஒரு பைட்டைத் தொட்டாலும் முழு 1 ஜிபி வந்தாக வேண்டும். நம் நெட்வொர்க்கில் அது ஒவ்வொரு முறையும் ஒரு வினாடி முடக்கம்.

ஆகவே கேட்க வேண்டியது, இந்த விஎம் எதைத் தாங்கும் என்பதுதான். சில நிமிடம் மெதுவாக ஓடினால் பரவாயில்லை, தரவு மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால் ஆட்டோ-கன்வெர்ஜ். பதில் தாமதமானாலே இணைப்பைத் துண்டித்துவிடும் சேவைகளுக்கு அது ஒத்துவராது. இரட்டை இணைப்புள்ள நம்பகமான நெட்வொர்க்கும், அண்மையில் எடுத்த பேக்கப்பும் இருந்தால் போஸ்ட்-காப்பியே மேல். இரண்டும் கூடாதென்றால் இரவில் எழுத்து குறையும் நேரத்தில் Dirty rate-ஐப் பார்த்துத் தொடங்கலாம், அல்லது டேட்டாபேஸின் துணைப் பிரதியை முதன்மையாக்கிவிட்டு இந்த விஎம்மை முறைப்படி நிறுத்தியே நகர்த்தலாம்.