பத்து நாள் அவகாசம் கேட்பதற்கு முன்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஜெர்மனிக்கு 12,000 டீ-ஷர்ட். வெள்ளை, சாம்பல், நேவி என்று நிறத்துக்கு 4,000 பீஸ். 20-ம் தேதி தூத்துக்குடியில் சரக்கு கப்பலேற வேண்டும். 8-ம் தேதி சாயப்பட்டறையிலிருந்து வந்த நேவி துணியின் ஷேடு, பையர் ஒப்புக்கொண்ட ஷேடோடு ஒத்துப்போகவில்லை. மறுபடி சாயமேற்றி, வெட்டித் தைத்து, இறுதிப் பரிசோதனையும் முடிக்க 30-ம் தேதி ஆகிவிடும்.

"பத்து நாள் டைம் கொடுங்க சார்" என்று மட்டும் மெயில் அனுப்பினால், பையரின் தலைவலி அவரிடமே இருக்கும். கடையில் எந்த வாரம் எந்த அலமாரியில் சரக்கு வைக்க வேண்டும் என்று அவருக்கு மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். மறுத்துவிடுவதுதான் அவருக்கு வசதி.

அதனால் மெர்ச்சண்டைசர் முதலில் கேட்க வேண்டியது, "உங்களுக்குக் கடையில் எப்போது, எது கட்டாயம் வேண்டும்?" என்பதுதான். பதிலை வைத்து வழிகளை அமைக்கலாம். ஒன்று, வெள்ளையும் சாம்பலும் 8,000 பீஸ் சொன்ன தேதியில் கப்பலேறும். நேவி 30-ம் தேதி போகும், இரண்டாவது ஷிப்மென்டின் கூடுதல் செலவு நம்முடையது. இரண்டு, முதல் வழியேதான், ஆனால் கடை திறப்புக்கு வேண்டிய 1,000 நேவி மட்டும் நம் செலவில் விமானத்தில் போகும். மூன்று, எல்லாம் சேர்ந்து 30-ம் தேதி போகும்; விலையில் ஒரு தள்ளுபடி.

இரண்டாவது வழி பயமுறுத்தும். ஆனால் பீஸ் 160 கிராம் என்றால் ஆயிரம் பீஸ் 160 கிலோதான், பெட்டி எடை தனி. முழு நேவியும் விமானத்தில் போனால் 640 கிலோ. மூன்றாவது வழியின் தள்ளுபடியோ 12,000 பீஸுக்கும் விழும். இரண்டையும் ரூபாயில் போட்டுப் பார்க்காமல் மெயில் அனுப்பக் கூடாது. பையர் எதைத் தேர்ந்தாலும் நம்மால் தாங்க முடிய வேண்டும். தாங்க முடியாததை அழகுக்காகச் சேர்த்தால் அவர் அதையே பிடித்துக்கொள்வார்.

பேக்கிங்கையும் பார்க்க வேண்டும். ஒரே பெட்டியில் மூன்று நிறமும் கலந்து போகும் ஆர்டர் என்றால் முதல் இரண்டு வழிகளுமே அடிபட்டுப்போகும், பையர் பேக்கிங்கை மாற்றச் சம்மதித்தால் ஒழிய.

8-ம் தேதியே சொன்னால்தான் இத்தனை வழியும் இருக்கும். 18-ம் தேதி சொன்னால் மிஞ்சுவது விமானமும் தள்ளுபடியும். பதில் எப்போதைக்குள் வேண்டும் என்பதையும், கப்பலில் இடம் பிடிக்கும் கடைசி நாளைக் காட்டி எழுதிவிட வேண்டும்.

எல்.சி. மூலம் பணம் வருவதானால் பையரின் "ஓகே" மெயில் போதாது. கடைசி ஷிப்மென்ட் தேதியை அவருடைய வங்கி திருத்தித் தர வேண்டும். பகுதி ஷிப்மென்ட் கூடாது என்று எல்.சி.யில் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். திருத்தம் கைக்கு வராமல் சரக்கை ஏற்றினால், ஆவணத்தில் குறை என்று வங்கி பணத்தை நிறுத்திவிடலாம்.