விதை பாக்கெட்டை போட்டோ எடுத்தாச்சா? பால்கனி தோட்டத்துக்கு தேதி குறிப்பது இப்படித்தான்!

விதை பாக்கெட் வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, மேல் பக்கத்தை கிழிப்பது. பல பாக்கெட்டுகளில் விதை பரிசோதித்த தேதியும் காலாவதி தேதியும் அந்த ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அதனால் கிழிக்கும் முன்பே முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. பளபளப்பான கவரில் ஃபிளாஷ் போட்டால் எழுத்து மறைந்துவிடும். பகல் வெளிச்சத்தில், கொஞ்சம் சாய்த்துப் பிடித்து எடுத்தாலே போதும்.

அந்த ஒரு போட்டோவை வைத்து முழு சீசனுக்கும் எப்படி காலண்டர் போடுவது? சென்னையில் ஒரு பால்கனியில் வெண்டை வளர்ப்பதாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

பாக்கெட்டில் என்ன இருக்கிறது?

வெண்டை பாக்கெட்டில் பொதுவாக இப்படி இருக்கும்: இடைவெளி 45 x 30 செ.மீ., முளைப்புத்திறன் 65%, விதைக்கும் காலம் ஜூன் - ஜூலை, பிப்ரவரி - மார்ச், முதல் அறுவடை 45 - 50 நாள். இவை வயலில் விதைப்பவருக்காக எழுதப்பட்டவை. பால்கனிக்கு இதை கொஞ்சம் மாற்றிப் படிக்க வேண்டும்.

45 x 30: எந்த எண் நமக்கு?

45 என்பது வரிசைக்கு வரிசை விடும் இடைவெளி. ஆள் நடந்து களை எடுக்கவும், பறிக்கவும் வயலில் இது தேவை. பால்கனியில் நாம் பைக்கு வெளியே நின்றுதான் பறிக்கப் போகிறோம். எனவே செடிக்குச் செடி விடும் 30 செ.மீ. மட்டும்தான் நம் கணக்கு. 12 அங்குல அகலப் பையில் ஒரு செடி. 24 அங்குல நீளப் பையில் இரண்டு செடி. மூன்று நீளப் பைகள் வைத்தால் மொத்தம் 6 செடிகள்.

65% என்றால் எத்தனை விதை?

ஆய்வகத்தில் 100 விதை போட்டால் குறைந்தது 65 முளைக்கும் என்று அர்த்தம். பால்கனியில் அதைவிட குறையலாம். அதனால் ஒரு செடிக்கான இடத்தில் 3 விதை போட வேண்டும். மூன்றும் முளைத்துவிட்டால்? நன்றாக இருக்கும் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசைந்துவிடும்.

காலண்டர் இதோ

ஜூன் 15-ல் விதைப்பதாக வைத்துக்கொள்வோம்.

- ஜூன் 14 இரவு: விதையை தண்ணீரில் ஊற வைப்பது
- ஜூன் 15: விதைப்பு
- ஜூன் 20 - 22: முளைப்பு
- ஜூன் 30: ஓரிடத்தில் ஒரு செடி மட்டும் விடுவது
- ஜூலை 15: மண்புழு உரம்
- ஜூலை 25 வாக்கில்: பூ
- ஆகஸ்ட் 4 வாக்கில்: முதல் பறிப்பு, அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள்
- செப்டம்பர் மூன்றாவது வாரம்: செடியை எடுப்பது

இப்படிப் போட்டால் வடகிழக்கு பருவமழை கொட்டத் தொடங்கும் முன் அறுவடை முடிந்துவிடும். ஜூன் 25 ஆகியும் எதுவும் முளைக்கவில்லையா? காத்திருக்காமல் மறுபடி விதைத்து, எல்லா தேதியையும் 10 நாள் தள்ளிப் போட வேண்டியதுதான்.

தக்காளியில் கணக்கு மாறும்

வெண்டையை நேரடியாக விதைப்பதால், நாள் கணக்கு விதைத்த அன்றே தொடங்குகிறது. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அப்படி இல்லை. அவற்றின் பாக்கெட்டில் '65 நாள்' என்று இருந்தால், பெரும்பாலும் அது நாற்றை நட்ட நாளிலிருந்து வரும் கணக்கு. நாற்று வளர ஆகும் 25 நாளையும் சேர்த்தால் 90 நாள். இதைக் கவனிக்காமல் ஆகஸ்டில் விதைத்தால், காய் பிடிக்கும் நேரத்தில் கனமழை வந்து நிற்கும்.

பாக்கெட் சொல்லாத விஷயம்

பால்கனி எந்தத் திசை? சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு மேலே இல்லாமல் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். ஆக, தெற்கு மட்டும் பார்த்த பால்கனிக்கு ஜூன், ஜூலையில் நேரடி வெயில் ரொம்பக் குறைவு. வெண்டைக்கு தினமும் 6 மணி நேரமாவது வெயில் வேண்டும். வெயில் போதாவிட்டால் செடி ஒல்லியாக நீண்டு போகும், பூ தாமதமாகும். பால்கனி தெற்கு பார்த்ததாக இருந்தால், பாக்கெட்டில் உள்ள இரண்டாவது காலமான பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்து, அதே நாள் கணக்கில் தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம்.