12 மோலாரிலிருந்து 0.1 மோலாருக்கு

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தின் அடர் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படித்தால், சதவீதம் இருக்கும், அடர்த்தி இருக்கும், மூலக்கூறு எடை இருக்கும். பெரும்பாலான பாட்டில்களில் மோலாரிட்டி மட்டும் இருக்காது. ஆனால் மாணவருக்கு வேண்டியது 0.1 மோலார் அமிலம், ஒரு லிட்டர். அந்த பாட்டிலிலிருந்து இந்த ஒரு லிட்டருக்கு எப்படிப் போவது என்பதுதான் இங்கே விஷயம். சூத்திரம் ஒரே வரி. பிழைகள் எல்லாம் அந்த வரிக்கு முன்னாலும் பின்னாலும்தான் நடக்கின்றன.

முதலில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடலாம். கெட்டியான டிகாஷனில் வெந்நீர் ஊற்றினால் காபி இளகும். ஆனால் டிகாஷனில் இருந்த காபிச் சத்தில் ஒரு துளியும் கூடவோ குறையவோ செய்யாது, அதே சத்து அதிகத் தண்ணீரில் பரவி நிற்கும். அமிலத்துக்கும் இதுதான். மோல் என்பது பொருளின் எண்ணிக்கையைச் சொல்லும் அளவு. ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் இருக்கிறது என்பதே மோலாரிட்டி. மோலாரிட்டியைக் கன அளவால் பெருக்கினால் மொத்த மோல் வரும். தண்ணீர் சேர்ப்பதால் மொத்த மோல் மாறாது என்பதால்,

M1 × V1 = M2 × V2

இடப்பக்கம் பாட்டிலிலிருந்து எடுப்பது, வலப்பக்கம் கடைசியில் கிடைப்பது. கன அளவை இரண்டு பக்கமும் ஒரே அலகில் எழுதினால் போதும், மி.லி. என்றால் இரண்டும் மி.லி.

இதில் M2, V2 இரண்டும் நாம் முடிவு செய்தவை: 0.1 மோலார், 1000 மி.லி. V1 கண்டுபிடிக்க வேண்டியது. M1 தெரிந்தால்தான் அது வரும். லேபிளில் இல்லாத அந்த எண்ணை நாமே கணக்கிட வேண்டும்.

லேபிளில் 37 சதவீதம், அடர்த்தி 1.18 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடர்த்தி 1.18 என்றால் ஒரு லிட்டர் அமிலம் 1180 கிராம் எடை. அதில் 37 சதவீதம்தான் ஹைட்ரஜன் குளோரைடு, மீதி தண்ணீர். 1180-இல் 37 சதவீதம் சுமார் 437 கிராம். ஒரு மோல் ஹைட்ரஜன் குளோரைடு 36.46 கிராம். 437-ஐ 36.46 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12. ஆக, பாட்டிலில் இருப்பது 12 மோலார் அமிலம். மாணவர்கள் அடிக்கடி அடர்த்தியை விட்டுவிட்டு, ஒரு லிட்டரை 1000 கிராம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் 10.1 மோலார் என்று வரும். தொடக்கத்திலேயே கணக்கு ஆறில் ஒரு பங்கு தவறிவிடும்.

இப்போது 12 × V1 = 0.1 × 1000. V1 = 8.3 மி.லி. ஒரு லிட்டர் கரைசலுக்கு அமிலம் இவ்வளவுதான்.

இனி மேசைக்கு வருவோம். அடர் அமில பாட்டிலைத் திறந்ததும் வெள்ளைப் புகை கிளம்பும். பாட்டிலிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு காற்றின் ஈரத்தைப் பிடித்து நுண்துளிகளாக மாறுவதே அந்தப் புகை. மூக்கையும் தொண்டையையும் அரிக்கும் என்பதால் ஃபியூம் ஹூட் என்னும் புகைபோக்கிக் கூண்டுக்குள், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் திறக்க வேண்டும். 10 மி.லி. அளவு கோடிட்ட பிப்பெட்டில் ரப்பர் பல்பை மாட்டி 8.3 மி.லி. எடுக்கலாம். வாயால் உறிஞ்சும் பழைய வழக்கம் எந்த ஆய்வகத்திலும் இருக்கக்கூடாது. பெரிய பாட்டிலுக்குள் பிப்பெட்டை நேரே விடாமல், சிறிது அமிலத்தைச் சிறிய பீக்கரில் ஊற்றி அதிலிருந்து எடுப்பது நல்லது. மிச்சத்தைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றக்கூடாது. பாட்டில் முழுவதும் கெட்டுவிடும்.

கரைசல் தயாராவது திட்டக் குடுவையில். வயிறு பெருத்து, கழுத்து நீண்டு ஒடுங்கி, கழுத்தில் ஒரே ஒரு கோடு உள்ள குடுவை அது. அந்தக் கோடு வரை நிரப்பினால் சரியாக ஒரு லிட்டர். கழுத்து ஒடுக்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் கன அளவில் அது மிகச் சொற்பம். பீக்கரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கோடுகள் தோராயத்துக்குத்தான். அவற்றை நம்பித் திட்டமான கரைசல் செய்ய முடியாது.

குடுவையில் முதலில் பாதிக்கு வாலை வடிநீர் ஊற்றிவிட்டு, அதில் அமிலத்தை மெதுவாக விட வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் 8 மி.லி. அளவில் பெரிதாகச் சூடேறாது. ஆனால் அதே கைப்பழக்கத்தோடு கந்தக அமிலத்துக்குப் போனால் விபரீதம். 98 சதவீதக் கந்தக அமிலத்தின் அடர்த்தி 1.84. அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் லேசான தண்ணீர் மேலேயே மிதந்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் எழும் வெப்பத்தில் கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். அமிலத்தைத் தண்ணீரில் விட்டால் கனமான அமிலம் கீழே இறங்கிக் கலக்கும், வெப்பத்தை நிறையத் தண்ணீர் பங்கிட்டுக்கொள்ளும். கந்தக அமிலத்தை நேரே திட்டக் குடுவையில் விடாமல், குளிர்நீரில் வைத்த பீக்கரில் கலந்து, ஆறிய பிறகே குடுவைக்கு மாற்ற வேண்டும்.

அமிலம் சேர்ந்ததும் குடுவையைச் சுழற்றிக் கலக்கி, அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது கோடு வரை நிரப்பினால், ஆறியதும் திரவம் சுருங்கி மட்டம் கோட்டுக்குக் கீழே போய்விடும். அப்படியென்றால் உள்ளே ஒரு லிட்டர் இல்லை. கரைசல் கேட்டதைவிடச் செறிவாக இருக்கிறது. ஆறிய பிறகு வாஷ் பாட்டிலால் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி, கடைசித் துளிகளைச் சொட்டு மருந்துக் குழாயால் விட வேண்டும். நீர்மட்டத்தின் வளைவு கோட்டைத் தொடும் இடத்தைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்க்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் நிரம்பும் முன்பே நிரம்பியதாகத் தோன்றும். கோட்டைத் தாண்டிவிட்டால் மேலே உள்ளதை உறிஞ்சி எடுத்துச் சரிக்கட்ட முடியாது. உறிஞ்சும் திரவத்தோடு அமிலமும் போய்விடும். கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே வழி.

இங்கே பலர் சறுக்குவது ‘வரை’ என்பதை ‘சேர்’ என்று புரிந்துகொள்வதில். 8.3 மி.லி. அமிலத்தோடு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்தால் மொத்தம் 1008 மி.லி. பக்கம் வரும், பிழை ஒரு சதவீதத்துக்குள்தான். அதனால் தவறு கண்ணில் படாது. அதே ஆள் அடுத்த நாள் 12 மோலாரிலிருந்து 6 மோலார் செய்யும்போது, 500 மி.லி. அமிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைச் சேர்த்தால் கிடைப்பது 4 மோலார். அப்படியானால் எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்று கேட்காமல், மொத்தம் எவ்வளவு ஆக வேண்டும் என்று கேட்பதே சரி. கன அளவுகளைக் கூட்டிப் பார்ப்பதையே நம்ப முடியாது. 50 மி.லி. எத்தனாலும் 50 மி.லி. தண்ணீரும் கலந்தால் 100 வராது, 96 அல்லது 97 மி.லி.தான் வரும்.

மூடியிட்டு, தலைகீழாகப் புரட்டி நன்றாகக் கலக்குவது கடைசி வேலை. கழுத்தில் கடைசியாக விட்டது வெறும் தண்ணீர். அது அந்த ஒடுக்கத்திலேயே தங்கிவிடும். நன்கு கலக்காத குடுவையிலிருந்து எடுத்த முதல் பிப்பெட்டும் பிந்தைய பிப்பெட்டும் வேறு வேறு அளவு காட்டும்.

இவ்வளவு கவனமாகச் செய்தும், குடுவையின் மேல் ‘0.1 மோலார்’ என்று உடனே எழுதிவிடக்கூடாது. நாம் M1 என்று வைத்த 12 லேபிளை நம்பி வந்தது. பாட்டில் திறக்கத் திறக்க, அந்தப் புகை போகப் போக, உள்ளே இருக்கும் அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் இழக்கும். அதனால்தான் பல ஆய்வகங்கள் 6 மோலாருக்கு நீர்க்க வைத்த அமிலத்தைக் கைவசம் வைத்துக்கொள்கின்றன. அந்தச் செறிவில் புகையும் குறைவு, இழப்பும் குறைவு.

உண்மை மதிப்பைத் தரம்பார்த்துத்தான் அறிய முடியும். சுமார் 260 டிகிரியில் உலர்த்தி ஆறவைத்த தூய சோடியம் கார்பனேட்டை 1.325 கிராம் நிறுத்து, 250 மி.லி. கரைசலாக்கினால் அது 0.05 மோலார். இந்த உப்பைத் துல்லியமாக எடைபோட முடியும் என்பதால் அதை நம்பலாம். அதில் 20 மி.லி. எடுத்து, மெத்தில் ஆரஞ்சு இரண்டு துளி விட்டு, பியூரெட்டிலிருந்து நம் அமிலத்தை மஞ்சள் நிறம் மாறும் வரை விடுகிறோம். ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம் வேண்டும். நம் அமிலம் சரியாக 0.1 மோலார் என்றால் 20 மி.லி. செலவாக வேண்டும். பியூரெட் 20.6 காட்டுகிறது, மறுபடி செய்தாலும் 20.6. இரண்டை 20.6 ஆல் வகுத்தால் 0.0971. நம் கரைசல் 0.0971 மோலார். 8.3 மி.லி. எடுத்து இது வந்திருப்பதால், பாட்டிலில் இருந்தது 12 அல்ல, 11.7 மோலார் என்பதும் தெரிகிறது.

இப்போது கூடுதலாகச் சில துளி அமிலம் விட்டு 0.1-க்குக் கொண்டுவர மனம் தூண்டும். தேவையில்லை. 0.0971 என்று எழுதி, தேதியும் போட்டு ஒட்டினால் அதுவே துல்லியமான கரைசல்.

0.001 மோலார் வேண்டும் என்றால்? அடர் அமிலத்திலிருந்து நேரே போனால் ஒரு லிட்டருக்கு 0.08 மி.லி., அதாவது ஒன்றிரண்டு துளி. கோடிட்ட பிப்பெட்டால் அதை நம்பகமாக அளக்க முடியாது. தரம்பார்த்த கரைசலில் 10 மி.லி. எடுத்து ஒரு லிட்டருக்கு நிரப்பினால் 0.000971 மோலார் கிடைக்கும். இப்படிப் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகலாம், ஆனால் எல்லையில்லாமல் அல்ல. கோடியில் ஒரு பங்கு மோலார் பக்கம் வந்தால், தூய தண்ணீரே தானாகப் பிரிந்து அவ்வளவு ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது. திறந்து வைத்த வாலை வடிநீரோ காற்றின் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு pH 5.6 வரை இறங்கி நிற்கும். அங்கே M1 × V1 = M2 × V2 குளோரைடுக்கு இன்னும் சரியாக இருக்கும்; அமிலத்தன்மைக்கு இருக்காது.